தொனி மட்டும் வாபஸ்

ஒன்பது வருஷமாக ஒரு மனிதருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாமே ஈரப்பதத்தைப் பற்றி.

சிரிக்காதீர்கள். அருங்காட்சியகங்களுக்குக் கண்ணாடிப் பேழை செய்கிற கம்பெனி எங்களுடையது. தார்னூவ் நகரத்து ஓரத்தில், டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. பேழைக்குள் முந்நூறு வருஷத்து மரச்சிற்பம் இருந்தால் உள்ளே காற்றின் ஈரம் ஐம்பது சதவீதத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகப் பேழைக்கு அடியில் ஒரு டிராயர் வைத்து, ஈரத்தைக் குடித்துக் கக்கும் குருணைகளை நிரப்பி வைப்போம். குருணை சோர்ந்து போனால் அளவு நகரும். உடனே அருங்காட்சியகத்திலிருந்து எனக்குக் கடிதம் வரும். நான் பொறியாளர் கொர்னேலியா கவ்லிக். வயது ஐம்பத்தைந்து, கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். நாட்டிலுள்ள பாதி அருங்காட்சியகங்களின் புழுக்கம் என் இன்பாக்ஸில்தான் வந்து விழும்.

கம்பெனியில் பதினான்கு பேர்தான். ஆனாலும் முதலாளி குஸ்தாவ் மாய் ‘தலைவர்’. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவியே ஆபீசுக்கு போன் செய்தால் ‘தலைவர் இருக்காரா’ என்றுதான் கேட்பாள். எங்கள் வழக்கம் அப்படி. ஒருவருக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டால் அதை நாங்கள் திரும்ப வாங்குவதில்லை. துணை இயக்குநரை இயக்குநர் என்றே விளிப்போம். ‘துணை’யைச் சேர்த்து எழுதினால், உன் தலைக்கு மேல் ஒருத்தர் இருக்கிறார் பார் என்று குத்திக் காட்டுவது போல ஆகிவிடும். அப்புறம் பான், பானி. ஐயா, அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் நிற்பவரிடமே ‘பானிக்குக் காபி வேணுமா’ என்று, வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்போம். ‘நீ’ என்பது வீட்டுக்கும் படுக்கைக்கும் பள்ளிக்கூடத் தோழிக்கும் உரியது. ஆபீசில் தெரியாதவரை ‘நீ’ என்றால் கதவைத் தட்டாமல் குளியலறைக்குள் நுழைந்த மாதிரி.

செவெரின் ஒலெக்சியாக்கிடமிருந்து முதல் கடிதம் வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதத்தில். வடக்கே கடலோரத்தில் ஒரு சிறிய நகரத்து அருங்காட்சியகம். ‘மதிப்பிற்குரியோரே’ என்று பொதுவாகத் தொடங்கி, ‘பின்வரும் விஷயத்தில் பணிவான வேண்டுகோளுடன் தங்களை அணுகுகிறேன்’ என்று வளர்ந்து, ஆறு வரிக்குப் பிறகுதான் பேழை என்ற சொல்லே வந்தது. எனக்கு அந்தக் கடிதம் உடனே பிடித்துப் போயிற்று. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற மனுஷன் மாதிரி இருந்தது.

பதில் எழுத வேண்டும். எந்தப் பட்டத்தில் எழுதுவது? அவர்கள் இணையதளத்தில் பார்த்தேன். முனைவர், காப்பாட்சியர், துணை இயக்குநர் என்று மூன்று போட்டிருந்தது. அரை மணி நேரம் குழம்பினேன். கடைசியில் அருங்காட்சியக வரவேற்பறைக்கே போன் போட்டேன்.

“காப்பாட்சியர்னு எழுதுங்க பானி,” என்றாள் அங்கிருந்த பெண்மணி. “இயக்குநர்னு எழுதினா மாடியில இருக்கற பெரியவருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். முனைவர்னா இவருக்குக் கூச்சம். காப்பாட்சியர்னா மட்டும் லேசா நிமிந்து உக்காருவார்.”

‘மதிப்பிற்குரிய பான் காப்பாட்சியர் அவர்களே’ என்று எழுதினேன். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் நான் ‘மதிப்பிற்குரிய பானி பொறியாளர்’. நான்காம் வருஷம் ஒரு டிசம்பரில் ‘அன்பிற்குரிய பானி பொறியாளர்’ ஆனேன். பண்டிகை வாழ்த்துக்காகத்தான் அந்த ‘அன்பு’ என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். ஆனால் ஜனவரியிலும் அது போகவில்லை. ஐந்தாம் வருஷம், நான்காம் நம்பர் பேழையின் ரப்பர் விளிம்பு கிழிந்ததைப் பற்றிய கடிதத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ‘பானி கொர்னேலியா’ என்று எழுதியிருந்தார். பட்டம் போய்ப் பெயர் வந்துவிட்டது. அன்றைக்கு நான் டீயில் சர்க்கரைக்குப் பதில் குருணையைப் போட இருந்தேன். நானும் ‘பான் செவெரின்’ என்று எழுதினேன். அதற்கப்புறம் ஒரு படிதான் பாக்கி. பான், பானி இரண்டையும் கழற்றி மாட்டிவிட்டு ‘நீ’ என்று சொல்வது.

அந்தப் படியில் நாலு வருஷம் நின்றோம்.

காரணம் இருக்கிறது. ‘இனி நீ என்று பேசலாமா’ என்று யார் கேட்பது என்பதற்கு எங்களிடம் முறை உண்டு. ஆணிடம் பெண் கேட்க வேண்டும். இளையவரிடம் மூத்தவர் கேட்க வேண்டும். பொருள் விற்பவரிடம் வாங்குபவர் கேட்க வேண்டும். நான் பெண். ஆனால் அவரைவிடப் பத்து வயது இளையவள், அதோடு விற்கிற கட்சி. அவர் மூத்தவர், வாங்குகிறவர், ஆனால் ஆண். அவர் நான் கேட்பேன் என்று காத்திருக்க, நான் அவர் கேட்பார் என்று காத்திருக்க, நடுவில் நான்காம் நம்பர் பேழை மட்டும் நன்றாக இருந்தது.

நேரில் பார்த்தது மூன்றே தடவை. கடைசித் தடவை ரயில் நிலையம் வரை குடையோடு வந்தார். குடை முழுக்க என் பக்கமே இருந்தது. அவர் இடது தோள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ரயில் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் குனிந்து முத்தமிட்டு, “பானி கொர்னேலியா பத்திரமா போய்ச் சேரணும்,” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கிராக்குவ் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்த ஏப்ரலில் அவர் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. ‘ஜூன் முப்பதோடு ஓய்வு பெறுகிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ அதற்கப்புறம் எனக்கு எழுத அவரிடம் ஈரப்பதம் இருக்காது. எழுத வேறு சாக்கும் இல்லை. எனக்குப் பகீரென்றது. அவ்வளவு பெரிய பகீருக்கு நான் எழுதிய பதில்: ‘தகவலுக்கு நன்றி. வாழ்த்துகள்.’ என்னை எதால் அடிப்பது?

அப்போதுதான் ஜானெத்தா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஜானெத்தா எங்கள் விளம்பரப் பிரிவு. பிரிவு என்றால் அவள் ஒருத்தி. இருபத்தொன்பது வயது. வார்சாவில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவள். வந்த முதல் நாளே தலைவரைப் பார்த்து, “ஹாய் குஸ்தாவ்!” என்றாள். தலைவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

ஜூன் பதின்மூன்று சனிக்கிழமை கம்பெனிக்கு இருபத்தைந்து வயது. வாடிக்கையாளர்களைப் பட்டறைக்கு அழைக்க வேண்டும். மே பதினான்காம் தேதி, வியாழக்கிழமை காலை பத்து மணி இரண்டு நிமிஷத்துக்கு, என் முகவரியிலிருந்து, என் கையெழுத்தோடு, நூற்று எண்பத்தேழு பேருக்கு ஒரு கடிதம் போயிற்று. பெயர்களை ஒரு மென்பொருள் தானே எடுத்துப் போட்டது.

‘ஹாய் செவெரின்! எங்களுக்கு 25 வயசு! நீ வராம எப்படி? எட்டிப் பாரு, கேக் இருக்கு! கொர்னேலியா.’

பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஆட்டுகிற கை ஒன்று.

முதல் பதில் பத்து ஒன்பதுக்கு வந்தது. கிராக்குவ் பேராசிரியர் ஒருவர். ‘மதிப்பிற்குரிய பானி, நாம் இருவரும் கை கோத்துக் குடித்து ‘நீ’க்கு மாறியதாக எனக்கு நினைவில்லை. என் ஞாபகசக்தி குறைந்துவிட்டதா என்று தெரியப்படுத்தவும்.’ அடுத்து ஒரு மறைமாவட்ட அருங்காட்சியகத்துப் பாதிரியார். எங்கள் பட்டியலில் அவருடைய பெயர்க் கட்டத்தில் ‘தந்தை’ என்று மட்டும் இருந்திருக்கிறது. அவருக்கு ‘ஹாய் தந்தை!’ என்று போயிருக்கிறது.

“நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே!” என்று ஜானெத்தாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்று கத்தினேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “பானி கொர்னேலியா என்னை ‘நீ’ன்னு கூப்ட்டீங்க! அப்ப நாம ஒருவழியா ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டோமா?”

“ஆகலை! கோபத்துல வந்துருச்சு. வாபஸ்!”

“இதுல என்ன இருக்கு? உலகம் பூரா இப்படித்தான் எழுதறாங்க.”

“உலகம் பூரா எழுதட்டும். இந்த நூத்தி எண்பத்தேழு பேர் எழுத மாட்டாங்க. இதுல ஒவ்வொருத்தருக்கும் எந்தப் பட்டம், எந்தத் தொடக்கம், எந்த முடிவுன்னு இருபது வருஷமா பாத்துப் பாத்து வச்சிருக்கேன். பானிக்கு என் மேல என்ன கோபம்?”

தலைவர் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. அதனாலேயே எல்லோரும் எழுந்து நின்றோம்.

“பானி இன்ஜினியர்,” என்றார். “நூத்தி எண்பத்தேழு மன்னிப்புக் கடிதம். ஒவ்வொண்ணும் தனித்தனியா, சரியான பட்டத்தோட, கையால டைப் பண்ணினது. கோபப்பட்டவங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். ஒருத்தர்கூட விடக் கூடாது. மெஷின் செஞ்சதுன்னு சொல்லுங்க. இன்னிக்கே.”

பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். அகரவரிசையில் முன்பாதி எனக்கு, பின்பாதி ஜானெத்தாவுக்கு. அவள் அழுகிற நிலையில் இருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ‘இன்று காலை என் பெயரில் தங்களுக்கு வந்த செய்தி ஒரு தானியங்கிப் பிழை. அதிலிருந்த நெருக்கமான தொனி என் எண்ணத்தைப் பிரதிபலிப்பதல்ல. அதற்காக வருந்தி, அந்தத் தொனியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உயர்ந்த மரியாதையுடன்.’ பட்டங்களை எப்படிப் பார்ப்பது, பான் என்பதை வரிக்கு நடுவிலும் ஏன் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், துணை இயக்குநருக்கு ஏன் துணை போடக் கூடாது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண். பத்தாவது கடிதத்திலேயே பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு மணிக்குத்தான் வந்த பதில்களை ஒழுங்காகப் படிக்க நேரம் கிடைத்தது. கோபக்காரர்களுக்கு நடுவில் ஒரு கன்னியாஸ்திரி எழுதியிருந்தார், ‘நாற்பது வருஷமாக எனக்கு யாரும் ஹாய் சொன்னதில்லை. கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக’ என்று. அதற்கு அடுத்தது செவெரினுடையது. பதினொன்று நாற்பதுக்கு வந்திருக்கிறது. தொடக்கத்தில் மதிப்பும் இல்லை, பானியும் இல்லை.

‘கொர்னேலியா,

ஆக, நீ சொல்லிவிட்டாய். யார் முறை என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீ பெண், நீதான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அந்த மஞ்சள் கை உன்னுடையது என்று நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனால் நம்ப ஆசையாக இருந்ததால் நம்பிவிட்டேன்.

ஜூன் முப்பதுக்குப் பிறகு என்னிடம் ஈரப்பதம் இருக்காது. எந்தத் தலைப்பில் உனக்கு எழுதுவது என்று ஏப்ரலிலிருந்து கவலை. இனி தலைப்பு வேண்டாம் போலிருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி வருகிறேன்.

செவெரின்.’

மூன்று முறை படித்தேன். நான்காம் முறை படிக்கும்போது கண்ணாடி நனைந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. ஒலெக்சியாக். அகரவரிசையில் பின்பாதி.

“பானி ஜானெத்தா,” என்றேன். “கடலோர மியூசியம்... காப்பாட்சியர் ஒலெக்சியாக்...”

“ஓ, அவருக்குப் பன்னெண்டே காலுக்கே போயிருச்சு!” என்றாள் உற்சாகமாக. “பான் காப்பாட்சியர்னு போட்டேன், முனைவர்னு போடலை. சரிதானே? இது என்னோட பெஸ்ட் லெட்டர்.”

வாங்கிப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. என் பெயரில், என் நடையில், நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ‘அதிலிருந்த நெருக்கமான தொனி என் எண்ணத்தைப் பிரதிபலிப்பதல்ல.’

திங்கட்கிழமை அவரிடமிருந்து பதில் வந்தது.

‘மதிப்பிற்குரிய பானி பொறியாளர் அவர்களே, தங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். வியாழக்கிழமை நான் அனுப்பிய கடிதத்தை வராததாகக் கருதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நான்காம் நம்பர் பேழையின் அளவு நாற்பத்தேழு சதவீதம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். மரியாதையுடன், முனைவர் செவெரின் ஒலெக்சியாக்.’

ஒன்பது வருஷம் ஏறிய படியெல்லாம் ஒரே கடிதத்தில் இறங்கிவிட்டார். பெயர் போயிற்று, அன்பு போயிற்று. கூச்சப்பட்டு எங்குமே போடாத முனைவர் பட்டத்தைக்கூட எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார். கோபமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கப்பட்டு எழுதியிருந்தார். அதுதான் என்னை அறுத்தது.

ஜானெத்தாவிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது? அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, நான் போய்... இப்பவே எழுதுங்க பானி! ‘ஹாய் செவெரின், அது நிஜம்தான்’னு ஒரு வரி போதும்.”

“எப்படி எழுதறது? அவர் கதவைச் சாத்திட்டார். சாத்தின கதவுக்குள்ள ‘நீ’ன்னு கத்திக்கிட்டு நுழைய முடியுமா?”

“அப்ப தட்டுங்க!”

அந்தப் பெண் சில சமயம் சரியாகத்தான் பேசுகிறாள். கதவைத் தட்டத்தானே எங்களிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன?

புதன்கிழமை, கம்பெனி முகவரியை விட்டுவிட்டு, என் சொந்த முகவரியிலிருந்து எழுதினேன். அவரை முன்பின் தெரியாதவள் போல, முதல் கடிதம் எழுதுவதற்கான எல்லா முறையோடும் எழுதினேன்.

‘மதிப்பிற்குரிய பான் செவெரின் அவர்களே,

முன் அறிமுகமின்றி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். என் பெயர் கொர்னேலியா கவ்லிக். எந்த நிறுவனத்தின் சார்பிலும் நான் இதை எழுதவில்லை. பின்வரும் விஷயத்தில் பணிவான வேண்டுகோளுடன் தங்களை அணுகுகிறேன்.

வியாழக்கிழமை காலை தங்களுக்கு வந்த அழைப்பை ஒரு மெஷின் எழுதியது. மதியம் வந்த மன்னிப்பை என் சக ஊழியர் எழுதினார். இரண்டிலும் என் கையெழுத்து இருந்தது, இரண்டையும் நான் எழுதவில்லை. நான் எழுதியிருக்க வேண்டியதை ஒன்பது வருஷமாக எழுதவேயில்லை.

நான் இளையவள், விற்கிற கட்சி என்பதால் கேட்கும் உரிமை பானுக்குத்தான் என்று எண்ணியிருந்தேன். இந்தக் கடிதத்தின் அளவில் நான் எதையும் விற்கவில்லை. எனவே பெண் என்ற ஒரே தகுதியில், நாம் இனி ‘நீ’ என்று பேசலாம் என்று முன்மொழிகிறேன்.

தங்கள் வசதிப்படி பதிலளிக்க வேண்டுகிறேன்.

உயர்ந்த மரியாதையுடன்,
கொர்னேலியா கவ்லிக்.’

அனுப்பு என்பதை அழுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தேன். விடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘மதிப்பிற்குரியோரே, ஜூன் 30 வரை விடுப்பில் இருக்கிறேன். இந்த நாட்களில் கடிதங்கள் படிக்கப்பட மாட்டா. அவசர விஷயங்களுக்கு என் துறையை அணுகவும்.’

மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் ஓய்வுக்கு முன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் இருந்தது அந்த ஆபீஸ் முகவரி ஒன்றுதான். மறுபடியும் ஒரு மெஷின்! அவர் துறையை அணுகி நான் என்ன சொல்வது? அன்றைக்கு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஜூன் பதின்மூன்று. பட்டறையில் கேக், காபி, ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன், தலைவரின் உரை. அறுபது பேர் வந்திருந்தார்கள். கிராக்குவ் பேராசிரியர் வந்திருந்தார். ஜானெத்தா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பட்டம் சொல்லி வரவேற்றாள். ஒருவர் பட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. கன்னியாஸ்திரி மட்டும் அவளைப் பார்த்துக் கையை ஆட்டி, “ஹாய்!” என்றார்.

பதினொன்றரை மணிக்கு வாசலில் ஒரு சாம்பல் நிற மழைக்கோட்டு தெரிந்தது. கையில் குடை இருந்தது, வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும். கையிலிருந்த கேக் தட்டைப் பேராசிரியர் கையில் திணித்துவிட்டுப் போனேன்.

“மதிப்பிற்குரிய பானி இன்ஜினியர்,” என்று தலை குனிந்தார். காது சிவந்திருந்தது. “நான் வந்தது பானிக்குத் தொந்தரவா இருக்காதுன்னு நம்பறேன். மன்னிப்புக் கடிதத்தைப் பல தடவை படிச்சுப் பாத்தேன். அதுல தொனியைத்தான் வாபஸ் வாங்கியிருந்தீங்க. அழைப்பை வாபஸ் வாங்கலை.”

அவரைத் தவிர இந்த நாட்டில் வேறு யாருக்கு இப்படி ஒரு சந்து கண்ணில் பட்டிருக்கும்? பதினொரு மணி நேர ரயில் பயணம், அந்த ஒரு சந்தை நம்பி!

“பான் செவெரின் என் லெட்டரைப் படிக்கலையா?”

“எந்த லெட்டர்?” அவர் முகம் வெளுத்தது. “இன்னொரு மன்னிப்பா?”

இனி எந்த மெஷினையும் நம்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். எங்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கடிதத்தைவிடப் பழையது. கையை நீட்டி, உன் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். பட்டம் கிடையாது, குடும்பப் பெயர் கிடையாது. எதிராளி அதே மாதிரி தன் பெயரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் யாரும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

அறுபது பேருக்கு நடுவில் கையை நீட்டினேன்.

“கொர்னேலியா,” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு வருஷம் போன மாதிரி இருந்தது.

“செவெரின்,” என்றார்.

கையை விடவில்லை. எங்கிருந்து வந்தாரென்று தெரியவில்லை, தலைவர் இரண்டு சிறிய கோப்பைகளோடு பக்கத்தில் நின்றார். நாங்கள் கை கோத்துக் குடித்தோம். கன்னத்தில் முத்தம் கொடுக்கும்போது அவர் இடது தோளைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

“இப்ப ஏதாவது சொல்லுங்க பான் காப்பாட்சியர்,” என்றாள் ஜானெத்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். “கொர்னேலியா, பானிக்கு... அதாவது உங்களுக்கு...” நின்றுவிட்டார். நெற்றி வேர்த்துவிட்டது. “கொஞ்சம் டைம் வேணும். ஒன்பது வருஷப் பழக்கம்.”

“இருக்கட்டும்,” என்றேன். “நீ மெதுவா வா.”

ஜூன் முப்பதாம் தேதி அவர் ஆபீஸ் கணினியை ஒப்படைக்கப் போயிருக்கிறார். அப்போதுதான் என் கடிதத்தைப் படித்திருக்கிறார். ஜூலை முதல் தேதி காலை, நான் இதுவரை பார்த்திராத ஒரு முகவரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைப்பில் ‘ஈரப்பதம்’ என்று போட்டிருந்தது.

‘கொர்னேலியா,

மே மாதம் இருபதாம் தேதியிட்ட உன் முன்மொழிவு கிடைத்தது. ஏற்கெனவே அமலுக்கு வந்துவிட்டதை எழுத்துமூலம் உறுதி செய்கிறேன்.

நேற்றோடு என்னிடம் பேழை எதுவும் இல்லை. அதனால் ஈரம் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கி என் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு காட்டுகிறது. ஒரு ஆள் இருக்கிற வீட்டுக்கு இது சரியான அளவா, இரண்டு பேர் இருந்தால் ஏறுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வந்து பார்.

செ.’